பழைய லாரி வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை

கேள்வி: சின்னதாக டிரான்ஸ்போர்ட் தொடங்க ஒரு பழைய ஆறு சக்கர லாரி பார்த்திருக்கிறேன். எஃப்.சி. புதிதாகக் காட்டியிருக்கிறார்கள். ஆக்சில் தேய்மானம், பர்மிட், இன்ஜின் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

முதலில் ஆர்.சி.யில் பதிவு தேதியைப் பாருங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். லாரியின் வயதுதான் அது உங்களுக்கு எத்தனை நாள் சம்பாதித்துத் தரும் என்பதை முடிவு செய்கிறது.

என் மச்சான் வாங்க நினைத்த ஒரு லாரியை வைத்தே சொல்கிறேன். 2014 மார்ச்சில் பதிவான ஆறு சக்கர வண்டி. நாங்கள் பார்க்கப் போனது 2024 செப்டம்பரில். புது பெயிண்ட், புது தார்ப்பாய், எஃப்.சி. காட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நேஷனல் பர்மிட் இருக்கு, நாளைக்கே வெளிமாநில லோடு ஏத்தலாம்" என்றார் புரோக்கர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 88 என்று ஒன்று இருக்கிறது. சாதாரண இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயது வரைதான் நேஷனல் பர்மிட் கிடைக்கும். மல்டி ஆக்சில் வண்டி என்றால் 15 வயது வரை. ஆக, அந்த லாரி 2026 மார்ச்சுக்குப் பிறகு வெளிமாநில லோடுக்குப் போக முடியாது. கையில் இருந்தது 18 மாதம். மச்சான் போட்டிருந்த கணக்கோ மூன்று வருடத் தவணை, அதையும் வெளிமாநில வாடகையை நம்பித்தான் போட்டிருந்தார். உள்ளூர் லோடு மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே லாரி ஒத்துவரலாம். மச்சானுக்கு ஒத்துவராது.

இன்னொன்று, பர்மிட் லாரியோடு தானாக வந்துவிடாது. அது ஒருவர் பெயரில் கொடுக்கப்படுவது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 82-ன்படி, கொடுத்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அது பெயர் மாறாது. ஆர்.சி. மாறியதும் பழைய பர்மிட்டிலேயே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எஃப்.சி. விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயது வரை அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். புதிதாகக் காட்டியிருந்தால் அந்தச் செலவு உங்களுக்கு ஒரு வருடம் தள்ளிப்போகிறது, அது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு பிரேக், லைட், ஸ்டீயரிங், புகை எல்லாம் சரியாக இருந்தன என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. கிரவுனைக் கழற்றியோ இன்ஜினைத் திறந்தோ பார்த்து யாரும் எஃப்.சி. கொடுப்பதில்லை.

அதனால் அடுத்து வண்டிக்கு அடியில் போக வேண்டும். பின் ஆக்சிலில் நான் முதலில் பார்ப்பது டயர். அளவுக்கு மேல் லோடு ஏற்றி ஓடிய வண்டியில், ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங் நடுவில் கீழே வளையும். வளைந்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், உள் டயர்களின் உள் ஓரம் மட்டும் வேகமாகத் தேயும். விற்கிறவர்கள் டயரை இடம் மாற்றியோ ரீபட்டன் போட்டோ வைத்திருப்பார்கள் என்பதால் டயரை மட்டும் நம்ப முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்புக்கு உள்ளதையும் அளந்து பாருங்கள். மேலே கூடுதலாக இருந்தால் சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறது. உடனே ஹவுசிங்கைக் குறை சொல்லிவிட வேண்டாம். வண்டியைச் சக்கரம் அரைச்சுற்று சுற்றும் அளவுக்கு நகர்த்தி மறுபடி அளங்கள். வித்தியாசம் இப்போது கீழே வந்தால் ரிம்தான் வளைந்திருக்கிறது, அது சின்னச் செலவு. அப்போதும் மேலேயே நின்றால் வீல் பேரிங் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஹவுசிங்தான்.

மச்சான் பார்த்த லாரியில் இரண்டு பக்கமும் மேலேயே நின்றது. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் புது வெல்டிங் தடமும் தெரிந்தது. பழைய வண்டியில் வெல்டிங் சகஜம், ஆனால் அந்த இடத்தில் பார்த்தால் நான் விலகிவிடுவேன்.

கிரவுன், பினியன் நிலை தெரிய ஹவுசிங்கின் டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அதில் காந்தம் இருந்தால் சேறு மாதிரி நைசான கறுப்புப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் நெருடும் துண்டுகள் வந்தால் பல் உடைகிறது என்று பொருள். கழற்ற விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

முன் ஆக்சிலில் கிங் பின்தான் முக்கியம். ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இரண்டும் சரி செய்யக்கூடியவை. விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம்.

இன்ஜினை எப்போதும் ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பிளாக்கைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் வேறு ஒரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்த டீசல் இன்ஜின் சூடானால் நன்றாக ஓடும், குளிரில் ஸ்டார்ட் ஆகத்தான் அடம்பிடிக்கும். ஓடவிட்டு பிரீதர் குழாயைக் கவனியுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புஸ் புஸ்ஸென்று அழுத்தமாகப் புகை வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கின்றன. ரேடியேட்டர் மூடியை ஆறிய நிலையிலேயே கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டிலேயே கோளாறு. முடிந்தால் லோடோடு ஒரு ஏற்றம் ஏறுங்கள். சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றி மறைத்திருந்தாலும் நன்றாகச் சூடேறினால் பிரஷர் இறங்குவது தெரிந்துவிடும்.

மச்சான் பார்த்த லாரியில் இன்ஜின் அருமையாக இருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர் மயங்கினார். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம், வளைந்த ஹவுசிங்குக்கும் முடியப்போகும் பர்மிட்டுக்கும் என்ன செய்வது என்று சொல்லித்தான் அவரைத் திரும்ப அழைத்து வந்தோம்.

எல்லாம் பிடித்துப்போனால், parivahan.gov.in தளத்தில் வரி, இ-சலான், எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளை நீங்களே பாருங்கள். சேஸில் குத்தியிருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் ஃபைனான்சியர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கடன் தீர்ந்த கடிதமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான் வழக்கமாக ஒரு தொகையைப் பிடித்து வைத்து, ஆர்.சி. என் பெயருக்கு மாறி வந்த அன்றுதான் கொடுப்பேன். அதை முன்பே பேசி, விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் தகராறு வராது.