அமெரிக்காவில் பிடித்த 25 சதவீதம் முழுதாகத் திரும்புமா?

கேள்வி: கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் டிவிடெண்டில் 25 சதவீதத்தை அங்கேயே வரியாகப் பிடித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். சம்பள வருமானம் 11 லட்சம். இங்கே ரிட்டர்ன் போடும்போது அந்த 25 சதவீதம் முழுதும் கழியுமா?

பதில்:

கழியாது. உங்கள் வருமானத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கழியாது. அதற்கு மேல் இங்கேயும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். அமெரிக்காவில் பிடித்ததை நம் ஊர் டி.டி.எஸ் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பேங்க் வட்டியில் பிடித்த டி.டி.எஸ் உங்கள் பெயரில் இந்திய அரசின் கஜானாவுக்குப் போன பணம். வரி குறைவாக வந்தால் மீதியைத் திருப்பித் தருவார்கள். டிவிடெண்டில் பிடித்தது அமெரிக்க அரசுக்குப் போய்விட்டது. தன் கைக்கே வராத பணத்தை இந்திய அரசு ரீஃபண்டாகத் தராது. அது தருவது ஒரே ஒரு சலுகைதான்: அந்த டிவிடெண்டுக்கு இங்கே எவ்வளவு வரி வருகிறதோ அதுவரை விட்டுக்கொடுக்கும். வருமான வரி விதி 128 சொல்வதும் இதைத்தான். அங்கே கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கிரெடிட்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை என்று எடுத்துக்கொள்கிறேன். நிலைக்கழிவு 75,000 போக, வரிக்குரிய சம்பளம் 11 லட்சம். டிவிடெண்ட் 1,200 டாலர், ரூபாயில் சரியாக 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 டாலர், அதாவது 25,000 ரூபாயை அங்கே பிடித்துவிட்டார்கள். கைக்கு வந்தது 75,000.

ரிட்டர்னில் காட்ட வேண்டியது கைக்கு வந்த 75,000 அல்ல, முழு 1,00,000. ஆக மொத்த வருமானம் 12 லட்சம். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 3 லட்சத்துக்கு 30,000, கடைசி 2 லட்சத்துக்கு 30,000. கூட்டினால் 80,000, 4 சதவீத செஸ்ஸோடு 83,200.

இந்த 83,200-ல் டிவிடெண்டின் பங்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். 12 லட்சத்துக்கு 83,200 என்றால் சராசரி விகிதம் 6.93 சதவீதம். அந்தக் கணக்கில் 1 லட்சம் டிவிடெண்டுக்கு இந்திய வரி 6,933 ரூபாய். அங்கே கட்டியது 25,000. குறைவானது 6,933. கிரெடிட் அவ்வளவுதான். மீதி 18,067 போனது போனதுதான். அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. சம்பளத்துக்கு மட்டும் உங்கள் கம்பெனி 67,600 பிடித்திருக்கும். டிவிடெண்டைச் சேர்த்த பிறகு மொத்த வரி 83,200, அதில் கிரெடிட் 6,933 போக 76,267. அதாவது கையிலிருந்து இன்னும் 8,667 கட்ட வேண்டும். அங்கே 25,000, இங்கே 8,667. ஒரு லட்சம் டிவிடெண்டுக்கு மொத்தம் 33,667 வரி. முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்தபோது நான் கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்போது நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 25,000-ஐ அப்படியே நிவாரணம் என்று போட்டு வைத்திருந்தேன், ரீஃபண்ட் வரும் என்று திரையில் வந்ததும் ஒரே சந்தோஷம். ஆடிட்டர் பார்த்துவிட்டு, "சார், அமெரிக்காக்காரன் வாங்கின காசை நம்ம கவர்மெண்ட் எதுக்கு உங்களுக்குத் தரணும்?" என்று கேட்டார். இவ்வளவு நீளமாக நான் எழுதுவதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, ஏன் சராசரி விகிதம், கடைசி ஸ்லாப் விகிதம் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் டிவிடெண்ட் 15 சதவீத ஸ்லாபில் வந்து உட்காருகிறது. செஸ்ஸோடு 15.6 சதவீதம் என்று போட்டால் கிரெடிட் 15,600 ஆகிவிடும், இங்கே கூடுதலாகக் கட்ட ஒன்றும் இருக்காது. விதி 128 "அந்த வருமானத்துக்குச் செலுத்த வேண்டிய வரி" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது, எந்த விகிதம் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் வரி ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கான பிரிவு 91, சராசரி விகிதத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆடிட்டர்கள் பொதுவாக அதையே இங்கும் பின்பற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் போடுகிறேன். 8,000 ரூபாய்க்காக நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

"நான் 30 சதவீத ஸ்லாப், எனக்கு 25 முழுசா கிடைக்கும்" என்று அலுவலகத்தில் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அதுவும் தப்பு. வரிக்குரிய சம்பளம் 40 லட்சம், டிவிடெண்ட் அதே 1 லட்சம் என்று பாருங்கள். 41 லட்சத்துக்கு அதே 2024-25 விகிதத்தில் செஸ்ஸோடு வரி 9,56,800. சராசரி 23.34 சதவீதம். அவருக்கும் கிரெடிட் 23,337-தான், 1,663 வீண். சராசரி 25-ஐத் தொட மொத்த வருமானம் 50 லட்சத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். கீழ் ஸ்லாபுகளின் குறைந்த விகிதம் சராசரியை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

2025-26 நிதியாண்டில் இது இன்னும் கடுமை. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி கொடுத்து வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். உங்கள் அதே 11 லட்சமும் 1 லட்சமும் அந்த ஆண்டில் இருந்தால் இந்திய வரி பூஜ்யம். இங்கே வரியே இல்லாதபோது எதற்கு எதிராகக் கழிப்பது? கிரெடிட்டும் பூஜ்யம், 25,000 முழுக்கப் போய்விடும். ஆனால் இங்கே கையிலிருந்து கட்ட ஒன்றுமில்லை, அந்த வகையில் உங்களுக்கு லாபம்தான்.

அமெரிக்காவில் இப்படி வீணாகும் வரியை இன்னொரு நாட்டு டிவிடெண்டில் சரிக்கட்டலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இங்கிலாந்து சாதாரணக் கம்பெனிப் பங்குகளின் டிவிடெண்டில் அங்கே வரி பிடிப்பதில்லை. அதற்கு இந்திய வரி முழுதாக வரும். அதில் அமெரிக்காவின் மிச்சம் 18,067-ஐக் கழித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும், அந்த நாட்டின் ஒவ்வொரு வகை வருமானத்துக்கும் தனித்தனியாக எல்லை கண்டுபிடித்து, அப்புறம்தான் கூட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது.

உங்களுக்கு 25 பிடித்தார்கள் என்பதிலிருந்து, அமெரிக்காவில் வசிக்காதவர் என்று அறிவிக்கும் W-8BEN படிவம் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது இல்லையென்றால் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 10-வது ஷரத்து தனிநபருக்கு 25-க்கு மேல் கூடாது என்று வைத்திருப்பதால், கூடுதலாகப் பிடித்த 5 சதவீதத்தை இந்தியா கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. 60 லட்சம் வருமானக்காரருக்கும் இதே கதிதான். அந்த 5 சதவீதம் வேண்டுமென்றால் அமெரிக்காவில் 1040-NR ரிட்டர்ன் போட்டுக் கேட்க வேண்டும். சில நூறு டாலருக்காக யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. W-8BEN படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். டிவிடெண்ட் திடீரென்று குறைந்து வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ரூபாய்க்கு மாற்றுவதில் ஒரு சின்ன விஷயம். டிவிடெண்ட் கணக்கில் விழுந்த நாளின் ரேட் வேண்டாம். டிவிடெண்ட் செப்டம்பரில் வழங்கப்பட்டு, வரியும் அப்போதே பிடிக்கப்பட்டால், ஆகஸ்ட் கடைசி நாளின் எஸ்.பி.ஐ டி.டி வாங்கும் விலை. இந்த டி.டி டிமாண்ட் டிராஃப்ட் இல்லை, டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர். வருடத்துக்கு நான்கு தடவை டிவிடெண்ட் வந்தால் நான்கு ரேட். ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாகப் போட்டு வைத்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

ரிட்டர்ன் ஐ.டி.ஆர்-2. அதில் Schedule FSI-ல் நாடு, வருமானம் 1,00,000, வெளிநாட்டில் கட்டிய வரி 25,000, இந்தியாவில் வரும் வரி 6,933, நிவாரணம் 6,933 என்று வரும். Schedule TR-ல் அதன் சுருக்கம். பங்குகளை Schedule FA-விலும் காட்ட வேண்டும், அது காலண்டர் வருடப்படி என்பதை மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கிரெடிட் கேட்கும் Form 67-ஐ வருமான வரி தளத்தில் போட்டுவிடுங்கள். ரிட்டர்னைக் காலத்தோடு போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டு முடியும்வரை, 2024-25 வருமானத்துக்கு 2026 மார்ச் 31 வரை, இதைப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ரிட்டர்ன் பரிசீலனைக்குப் போகும் நேரத்தில் அந்தப் படிவம் இல்லாவிட்டால் கிரெடிட்டை வெட்டிவிட்டு, வட்டியோடு டிமாண்ட் வரலாம். அப்புறம் திருத்த மனு போட்டு அலைய வேண்டும். ஆதாரமாக, அங்கே பிடித்த வரியைக் காட்டும் 1042-S என்ற அமெரிக்கப் படிவத்தைக் கேட்பார்களே, அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நம் மார்ச் கணக்கோடு பொருந்தாது என்று பயப்பட வேண்டாம். வரி பிடித்த புரோக்கர் தரும் ஸ்டேட்மெண்ட்டையும் விதி ஏற்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரைக்கு நான் டிவிடெண்ட் ஸ்டேட்மெண்ட்டைத்தான் இணைக்கிறேன்.

உங்கள் வருமானத்தில் இருப்பவர்களுக்கு என் சொந்தக் கருத்து ஒன்று. அமெரிக்காவில் வசிக்காத நமக்குப் பங்கு விற்ற லாபத்தில் அங்கே வரி பிடிப்பதில்லை, டிவிடெண்டில்தான் பிடிக்கிறார்கள். கம்பெனி கொடுத்த பங்குகளை விட்டுத்தள்ளுங்கள், அதில் உங்களுக்குத் தேர்வில்லை. சொந்தக் காசில் அமெரிக்கப் பங்கு வாங்குவதாக இருந்தால், "4 சதவீதம் டிவிடெண்ட்" என்று போட்டிருப்பதைக் கையில் 3 என்று படித்துக்கொண்டு முடிவெடுங்கள்.