73% நல்ல பெயர்: அதை வைத்து என்ன செய்வது?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து தண்ணீர் பாட்டில் விற்கிறோம். சமூக ஊடகங்களில் எங்களைப் பற்றிப் பேசுவதைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை இலவச சோதனைக்கு எடுத்தோம். ‘73% பாசிட்டிவ்’ என்கிறது. இதை வைத்து என்ன முடிவெடுப்பது? பணம் கட்டி வாங்கலாமா?

பதில்: உடனே பணம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு வாரத்துக் கமெண்ட்டுகளை ஒரு எக்செல் தாளில் இறக்கி நீங்களே படியுங்கள். நான்கு பத்திகள் போதும்: யார் எழுதியது, எதைப் பற்றி (மூடி, டெலிவரி, விலை), தொனி என்ன, வாங்கியவரா வாங்காதவரா.

120 கமெண்ட் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 30 பரிசுப் போட்டிக்காகப் போட்ட ‘சூப்பர்’ என்றால், அவற்றை நீக்குங்கள். பாசிட்டிவ் கணக்கை ஊதிக் காட்டுவது பெரும்பாலும் இவைதான். மிச்சம் 90. ‘அருமையான சர்வீஸ், மூணு வாரமா காத்திருக்கேன்’ என்பதையும் மென்பொருள் பாராட்டாக எண்ணியிருக்கும், அதைத் திருத்துங்கள். இப்போது மூடி ஒழுகுவதாக 16 புகார் தெரிகிறது. ஆனால் பெயர்களைப் பார்த்தால் எழுதியவர்கள் 9 பேர்தான், சிலர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். எப்போதும் ஆட்களை எண்ணுங்கள், கமெண்ட்டுகளை அல்ல.

அந்த 9 பேர் எழுதியதை வரிக்கு வரி படித்தால்தான் விஷயம் பிடிபடும். ஏழு பேர் ‘கழுவின பிறகு’ ஒழுகுகிறது என்கிறார்கள். அப்படியானால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிவிட்டுத் தலைகீழாக மாட்டுகிறார்களோ என்று சந்தேகிக்கலாம். ஓரிருவரிடம் மூடியின் படம் கேட்டு வாங்குங்கள், நீங்களும் வளையத்தைத் திருப்பி மாட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் முடிவு தெளிவு: வளையம் மாட்டும் விதத்தைப் படமாகப் பெட்டியில் அச்சிட வேண்டும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று அதே தாளில் எழுதிவிடுங்கள். பெயர் எழுதாத வேலை நடக்காது. ஒழுகவில்லையென்றால் அந்த லாட் வளையங்களை அளந்து பாருங்கள்.

பலன் தெரிந்ததா என்பதைப் பாசிட்டிவ் சதவீதத்தில் தேடாதீர்கள். சுமார் 100 கமெண்ட்டில் எடுத்த சதவீதம் தற்செயலாகவே பத்துப் புள்ளி வரை ஏறி இறங்கும். புதுப் பெட்டியில் போன ஒவ்வொரு 1000 பாட்டிலுக்கும் எத்தனை பேர் ஒழுகல் புகார் சொன்னார்கள் என்று பழைய பெட்டியோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பிய பாட்டில்களின் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். கமெண்ட் எழுதாமலே திருப்பி அனுப்புவோர் நிறைய. மூடிய குழுக்களில் பேசுவதும் எந்த மென்பொருளுக்கும் எட்டாது.

காயம், ஒவ்வாமை போன்ற புகாருக்கு மட்டும் எண்ணிக்கை பார்க்காதீர்கள். ஒன்று வந்தாலே அன்றைக்கே விசாரியுங்கள்.

கையால் படித்து முடியாத அளவுக்குக் கமெண்ட் குவிந்தால் மென்பொருள் வாங்கலாம். அதற்கு முன், நீங்களே தொனி குறித்து வைத்த 200 கமெண்ட்டை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். முக்கியமாக, நீங்கள் ‘புகார்’ என்று குறித்தவற்றில் எத்தனையை அது தவறவிடுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டாலும் வேறொன்றைப் பாருங்கள்.