ஔகாரமா, ஒளகாரமா? டேக்கில் எழுத்துப்பிழைகளை எந்த அளவுக்குச் சேர்க்கலாம்

டேக் பெட்டியில் பிழை வடிவங்களைச் சேர்ப்பது பற்றிக் கேட்டு நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் யூடியூபில் காணொளி போடுகிறவர்கள் கேட்டவை, அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: இலக்கணப் பாடங்களைக் காணொளியாகப் போடுகிறேன். ‘ஔகாரக்குறுக்கம்’ என்ற சொல்லுக்கு வரக்கூடிய பிழைகளை எழுதிப் பார்த்தால் இருபதைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் டேக்கில் போடலாமா?

வேண்டாம். ஆனால் உங்கள் எண்ணம் தப்பில்லை. காணொளி கண்ணில் படுவதில் டேக்குக்கு மிகச் சின்னப் பங்குதான், மக்கள் அடிக்கடி பிழையாக எழுதும் சொல் என்றால் அது உதவும் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. அதாவது அந்தப் பெட்டியே முக்கியமாக இந்த வேலைக்குத்தான். ‘அடிக்கடி’ என்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

இருபது எப்படி வந்தது என்று பாருங்கள். ஔ, ஒள, அவ் என மூன்று தொடக்கம், நடுவில் க் உண்டு அல்லது இல்லை, இடைவெளி உண்டு அல்லது இல்லை, று அல்லது ரு. பெருக்கினால் 24. ஆனால் ஒரே ஆள் ஒரே சொல்லில் இத்தனை பிழையையும் சேர்த்துச் செய்வது அபூர்வம், அந்த 24-இல் பாதிக்கு மேல் யாரும் அடிக்காத வடிவங்கள். ஒவ்வொரு பிழையையும் தனியாக எடுத்து, இதை யாராவது எழுதி நான் பார்த்திருக்கிறேனா என்று கேளுங்கள். ஒள நிச்சயம் உண்டு. சொல்லைப் பிரித்து ஒற்றை விட்டு ‘ஔகார குறுக்கம்’ என்று அடிப்பதும் உண்டு. இந்த இரண்டு மட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரும். ‘குருக்கம்’, ‘அவ்காரம்’ இரண்டையும் கண்ணால் பார்க்கும்வரை விட்டுவிடலாம். கடைசியில் நிற்பது இவ்வளவுதான்:

```
ஔகாரக்குறுக்கம், ஒளகாரக்குறுக்கம், ஔகார குறுக்கம், ஒளகார குறுக்கம், aukara kurukkam
```

இடமும் அதிகம் கிடையாது. டேக் பெட்டி மொத்தமே 500 குறிகள். தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும், ‘ஔகாரக்குறுக்கம்’ நம் கண்ணுக்கு 9 எழுத்து, கணக்கில் 15.

கேள்வி: ஔ, ஒள இரண்டும் திரையில் ஒரே மாதிரிதானே தெரிகின்றன? எதற்கு இரண்டு டேக்?

கண்ணுக்குத்தான் ஒன்று. ஔ என்பது யூனிகோடில் ஒரே எழுத்து, U+0B94. ஒள என்பது ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, U+0B92, U+0BB3. கணினிக்கு ‘ஒளவை’ என்பது ‘ஒளி’ போல ஒ-வில் தொடங்கும் வேறு சொல். கௌ, கெள விஷயமும் இதேதான்: கௌரவம் என்பதை கெளரவம் என்று அடிப்பவர்கள் ஏராளம், அவர்களுக்கே தாங்கள் பிழையாக அடிக்கிறோம் என்று தெரியாது, ஏனென்றால் திரையில் சரியாகத்தான் தெரிகிறது.

நீங்கள் எதை அடித்திருக்கிறீர்கள் என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். முழுதும் போனால் ஔ. ஒ மட்டும் மிஞ்சினால் ஒள. கௌ-வில் தட்டினால் க மிஞ்சும், கெள-வில் கெ மிஞ்சும். இதை முதலில் உங்கள் தலைப்பில் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சரியான வடிவத்தை டேக்கில் போட்டுவிட்டு, தலைப்பில் ஒள வைத்திருந்த காணொளிகளை நான் பார்த்திருக்கிறேன். தலைப்புக்கு இருக்கும் பலம் டேக்குக்குக் கிடையாது.

ஸ்ரீ-யும் இந்த வகைதான். ஸ-வில் தொடங்கும் ஒன்று, ஶ-வில் தொடங்கும் ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். பெயரில் ஸ்ரீ வந்தால் இரண்டு டேக்கும் போடுவது நியாயமே.

ஆனால் கொ, கோ பற்றிக் கவலை வேண்டாம். கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருந்தாலும் யூனிகோட் விதிப்படி அவை சமம்.

கேள்வி: பிழை வடிவங்களை ஹேஷ்டேகாகவும் விவரணையின் அடியிலும் போட்டால் இன்னும் பலன் கிடைக்காதா?

அங்கேதான் அசிங்கமாகத் தெரிய ஆரம்பிக்கும். டேக் பெட்டியில் இருப்பது பார்வையாளர் கண்ணுக்கு வராது, ஹேஷ்டேகும் விவரணையும் வரும். இலக்கணம் சொல்லித்தருகிறவர் பெயருக்குக் கீழே பிழையான சொல் நீல நிறத்தில் நின்றால், படிக்கிற பிள்ளை அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் விவரணையில் டேக்குகளை அடுக்குவது யூடியூபின் ஸ்பாம் விதிகளுக்கே எதிரானது, காணொளி நீக்கப்படவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ‘பழமொழி’ காணொளிக்கு ‘பலமொழி’ என்று டேக் போடலாமா? நிறைய பேர் அப்படி எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் பலமொழி என்பது அர்த்தமுள்ள சொல், பல மொழிகளைப் பற்றித் தேடுபவரும் அதைத்தான் அடிப்பார். அவர் முன்னால் உங்கள் காணொளி வந்து நின்றால் தொந்தரவுதான். ல, ள, ழ பிழையிலும் ர, ற பிழையிலும் இந்த ஆபத்து அதிகம்: வலி, வழி, வளி மூன்றும் சொல், அரம், அறம் இரண்டும் சொல். பிழை வடிவம் தனக்கென்று பொருள் உள்ள சொல்லாக இருந்தால் தனியாகப் போடாதீர்கள். ‘தமிழ் பலமொழிகள் விளக்கம்’ என்று சொற்களைச் சேர்த்துப் போட்டால் குழப்பம் குறையும், அது எனக்குச் சம்மதம்.

கேள்வி: கோயில், கோவில் இரண்டில் எது பிழை?

இரண்டும் சரி. அதனால் இதை ஒளித்துவைக்க வேண்டியதே இல்லை. ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றதை விவரணையின் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் இயல்பாக எழுதிவிடுங்கள். வாழ்த்துகள், வாழ்த்துக்கள் விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனாலும் இதே வழிதான்.

கேள்வி: ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்களுக்கு எத்தனை வடிவம் வைப்பது?

இரண்டு போதும். ‘எழுத்து’ என்றால் `ezhuthu` ஒன்று, `eluthu` ஒன்று. ழ-வுக்கு zh என்று பழகியவர்களும், காதில் விழுகிறபடி l அடிப்பவர்களும் இதில் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: மக்கள் உண்மையில் என்ன அடிக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது?

`YouTube Studio`-வில் `Analytics` போய், `Traffic source` பகுதியில் `YouTube search` என்பதைத் திறந்தால் தேடிய சொற்கள் அப்படியே வரும். ஒரு குறை, அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வந்து சேர்ந்தவர்கள். பிழையாக அடித்து வராமல் போனவர்கள் அதில் இல்லை. அவர்களுக்காக, கருத்துப் பகுதியில் பார்வையாளர்கள் அந்தச் சொல்லை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள், தேடல் பட்டியில் பாதி அடித்து நிறுத்தி என்ன பரிந்துரை வருகிறது என்றும் பாருங்கள்.

பிறகு கணக்கிலிருந்து வெளியேறி அந்தப் பிழையை முழுதாக அடியுங்கள். சரியான சொல்லுக்கு வரும் அதே முடிவுகள் வந்தால், தேடலே அதைத் திருத்திக்கொள்கிறது, டேக் தேவையில்லை. வேறு முடிவுகளோ, ஒன்றுமே வராமலோ போனால் சேருங்கள். ஒரு மாதம் கழித்து அந்தச் சொல் `YouTube search` பட்டியலில் தலைகாட்டவே இல்லை என்றால் எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள்.