முதல் ராத்திரி பாட்டி வீட்டில்: பையில் என்ன வைப்பது?

“மகளுக்கு நாலு வயசு. சனிக்கிழமை முதல் தடவையா நாங்க இல்லாம பாட்டி வீட்டில் தூங்கப் போறா. பையில் என்ன வைக்கட்டும்?”

பகலைப் பற்றிக் கவலை வேண்டாம், பாட்டியும் தாத்தாவும் பார்த்துக்கொள்வார்கள். விளக்கை அணைத்த பிறகுதான் அழுகை வரும். அதனால் பையை அந்த நேரத்துக்காகக் கட்டுங்கள்.

தினமும் தலை வைக்கும் தலையணையை உறையோடு அப்படியே வையுங்கள். துவைத்துவிடாதீர்கள், வீட்டு வாசனை போய்விடும். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை இருந்தால் அதுவும். உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்று போர்த்திக்கொள்ள. புது இடத்தில் படுக்கை நனையலாம். ரப்பர் ஷீட், இரண்டு ஜட்டி, மாற்றுடை ஆகியவற்றைத் தனிக் கவரில் போட்டு, எங்கே இருக்கிறது என்று பாட்டியிடம் காட்டிவிடுங்கள். பாத்ரூம் வழிக்கு ஒரு சின்ன நைட் லாம்ப்.

விளையாட்டு இரண்டு போதும். பெரியவர்களுக்கு முழங்கால் வலி என்றால், தரையில் பரப்பும் பிளாக்ஸை விட மேசையில் ஆடும் ஜோடி சேர்க்கும் சீட்டு நல்லது. நாலு வயசுக்கு ஆறு ஜோடி, பன்னிரண்டு சீட்டு தாராளம். அப்புறம் கிரேயான், வெள்ளைத்தாள். சத்தம் போடும் பேட்டரி பொம்மை வேண்டவே வேண்டாம். புதுப் பொம்மையும் வேண்டாம், அந்தக் குஷியில் தூக்கமே போகும்.

பையை அவளையே அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீடியோ கால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடியட்டும். தூக்கக் கலக்கத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் ஏக்கம் வரும்.