ஓடும்போதே மயங்கி விழுந்தாள்: களைப்புதானா?

"என் மகளுக்கு 15 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். போன வாரம் பயிற்சியில், இரண்டாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தாள். ஒரு நிமிடத்துக்குள் தானாக எழுந்துவிட்டாள். சாப்பிடாமல் வந்த களைப்பு என்கிறார் பி.டி. சார். இ.சி.ஜி. நார்மல். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. அனுப்பலாமா?"

அனுப்ப வேண்டாம். இதயத்தை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை பயிற்சியும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படவைத்தது "ஓடிக்கொண்டிருந்தபோதே" என்ற சொல்தான். கோட்டைத் தாண்டி நின்றபிறகு விழுந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஓடும்வரை கால் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றும். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் ஓட்டத்தின் நடுவில் ரத்த அழுத்தம் நன்றாகவே ஏறியிருக்கும். அப்போது நினைவு தப்புகிறது என்றால், அந்த நொடிகளில் இதயம் மூளைக்கு ரத்தம் அனுப்பவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். களைத்த பிள்ளைக்குக் கால் தளரும், வேகம் குறையும். சர்க்கரை குறைந்து மயங்கியவளும் எதுவும் கொடுக்காமல் ஒரு நிமிடத்தில் தெளிந்து எழுவது அரிது.

சரி, இ.சி.ஜி. நார்மல்தானே? அது படுத்திருக்கும்போது எடுத்தது. இதயத் தசை தடித்திருந்தால் எக்கோவில் தெரியும். இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்புகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எக்கோவில் தெளிவாகத் தெரியாவிட்டால் சி.டி. தேவைப்படும். இன்னொரு பரம்பரைக் கோளாறில் இ.சி.ஜி., எக்கோ இரண்டுமே சுத்தமாக இருக்கும். ஓடி, அட்ரினலின் ஏறும்போது மட்டும் துடிப்பு தாறுமாறாகும். அதைப் பிடிக்க டிரெட்மில் சோதனை வேண்டும். குறிப்பிட்ட துடிப்பு எண்ணிக்கை வந்ததும் நிறுத்திவிடாமல், இனி முடியாது என்று அவளே சொல்லும்வரை ஓடவிட வேண்டும். துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியுடன் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹாங்க் கேதர்ஸ் 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். துடிப்புக் கோளாறு தெரிந்து மாத்திரை கொடுத்தார்கள். சோர்வாக இருக்கிறது என்று அவர் சொன்னதால் அளவைக் குறைத்தார்கள். 1990 மார்ச்சில் மைதானத்திலேயே விழுந்து இறந்தார், வயது 23. அதனால் நாளை உங்கள் மகளுக்கு மாத்திரை எழுதினால், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

டாக்டரிடம் போகுமுன் கூட ஓடிய பிள்ளைகளிடம் கேளுங்கள்: கையை ஊன்றினாளா, முகம் அடிபட விழுந்தாளா? விழுமுன் நெஞ்சு படபடத்ததா என்று அவளிடம் கேளுங்கள். கை கால் வெட்டியிருந்தால் உடனே வலிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். மூளைக்கு ரத்தம் நின்றாலும் அப்படி வெட்டும். அப்புறம், இரு பக்கச் சொந்தத்திலும் சின்ன வயதில் திடீரென இறந்தவர்கள், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர்கள் யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.