458 சதுர அடி அறைக்கு 558 சதுர அடி டைல் எதற்கு?

“அறைகளை நானே டேப் வைத்து அளந்தேன். ஹால் 18-க்கு 12, பெரிய பெட்ரூம் 12-க்கு 11, சின்னது 11-க்கு 10. கூட்டினால் 458 சதுர அடிதான் வருகிறது. உங்கள் கொட்டேஷனில் 558, 36 பெட்டி என்று இருக்கிறது. கடைக்காரர் பத்து சதவீதம் சேர்த்து 32 பெட்டி போதும் என்கிறார். அந்த நூறு சதுர அடி எங்கே போகிறது?”

வணக்கம் சார். உங்கள் அளவு சரி. என் டேப்பிலும் அதேதான் வந்தது. வித்தியாசம் அறையில் இல்லை, டைலில் இருக்கிறது.

கடையில் “ரெண்டுக்கு ரெண்டு” என்று சொல்லி விற்கும் டைல் இரண்டடி இல்லை. அது 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 610. ஒரு டைலுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. நான்கு டைல் உள்ள பெட்டியை 16 சதுர அடி என்று வாயால் சொல்வார்கள். பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள், 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும். அது பதினைந்தரை சதுர அடிதான். டைலுக்கு மில்லிமீட்டர், பெட்டிக்குச் சதுர மீட்டர், பில்லுக்குச் சதுர அடி, வீட்டுக்கு அடி அங்குலம். ஒரே தரைக்கு நான்கு கணக்கு வைத்திருக்கிறோம், இதை யாரும் சரிசெய்யப் போவதில்லை. பில் போடும்போது பெட்டிக்குப் பதினைந்தரை என்று போடச் சொல்லுங்கள். சதுர அடி 60 ரூபாய் என்றால் 36 பெட்டிக்கு 33,480 ரூபாய். 16 என்று போட்டால் 34,560. போடாத டைலுக்கு 1,080 ரூபாய் போய்விடும்.

சரி, சின்ன பெட்ரூமை எடுத்துக்கொள்வோம். அகலம் சரியாகப் பத்தடி. இரண்டடி டைல் ஐந்து போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். இடையில் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து ஐந்து டைலைப் போட்டாலும் 3,008 மில்லிமீட்டர்தான் நிறையும். பத்தடி என்பது 3,048. சுவரோரம் ஒன்றரை அங்குலம் காலியாக நிற்கும். சுவரடியில் பட்டையாக ஸ்கர்ட்டிங் ஒட்டினால் அதில் ஒரு சென்டிமீட்டர் மறையும், மீதி கண்ணில் படும். அந்த இடத்தில் ரிப்பன் மாதிரி ஒரு துண்டைச் செருகுவார்கள். அவ்வளவு ஒல்லியாக அறுத்தால் பாதி உடையும். உடையாததும் அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் ஒருநாள் பெயர்ந்து வரும். பெருக்கும்போது துடைப்பத்தில் தட்டும் துண்டு பெரும்பாலும் இதுதான்.

அதனால் நான் ஐந்து முழு டைல் போடுவதில்லை. நான்கு முழு டைலை நடுவில் போட்டு, இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய ஓரடித் துண்டு வைப்பேன். சரிபாதியாகப் பிரித்தால் துண்டு பாதி டைலைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிடும், இரண்டு பக்கமும் தலா ஒரு டைல் வெட்ட வேண்டும். ஒரு பக்கத் துண்டைக் கொஞ்சம் பெரிதாகவும் மறுபக்கத்தை ஓரடிக்குச் சற்றுக் குறைவாகவும் வைத்தால், சின்னத் துண்டு ஒரு டைலில் இரண்டு கிடைக்கும். நின்று பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆக ஒரு வரிசைக்கு ஐந்தரை டைல். நீளம் பதினோரு அடியில் ஐந்து முழு வரிசையும் ஒரு வெட்டு வரிசையும், ஆறு வரிசை. மொத்தம் 33 டைல், அதாவது 128 சதுர அடி. அறையோ 110 தான்.

மிச்சம் 18 குப்பைக்குப் போகவில்லை. வெட்டியதில் பத்து அங்குல அகலத்தில் துண்டுகள் விழும். ஒவ்வொன்றிலும் நாலு அங்குல ஸ்கர்ட்டிங் இரண்டு கிடைக்கும். அந்த அறையின் சுவரடி முழுக்க ஏறக்குறைய அதிலேயே முடிந்துவிடும். நீங்கள் கணக்கில் விட்டது இந்த ஸ்கர்ட்டிங்கைத்தான். கதவுகளைக் கழித்து மூன்று அறைக்கும் 130 ரன்னிங் அடி வருகிறது, பரப்பில் அது 43 சதுர அடி.

இதே முறையில் பெரிய பெட்ரூமுக்கு 39 டைல், ஹாலுக்கு 63. மூன்றும் சேர்த்து 135. பெட்ரூம் இரண்டுக்கும் நிலைப்படி நடுவில் போடவும் ஸ்கர்ட்டிங் குறைவுக்கும் 3. உடைவதற்கும் பிற்பாடு பரணில் வைக்கவும் 6. ஆக 144 டைல், 36 பெட்டி. கடைக்காரர் சொன்ன பத்து சதவீதம் தப்பில்லை. ஸ்கர்ட்டிங்கையும் நிலைப்படியையும் சேர்த்து 505-க்குப் போட்டால் என் கணக்குக்குப் பக்கத்தில்தான் வரும். அவர் வெறும் தரைக்குப் போட்டு, பெட்டியை 16 என்று வைத்துவிட்டார்.

டைல் எவ்வளவு வாங்கினாலும், கூலி போட்ட தரைக்குத்தான். என் கொட்டேஷனில் கூலி நிலைப்படியையும் சேர்த்து 462 சதுர அடிக்கு, ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக ரன்னிங் அடிக்கு. சிலர் வாங்கிய பெட்டிக் கணக்கிலேயே கூலியும் கேட்பார்கள். சதுர அடிக்கு 32 ரூபாய் கூலி என்றால் 96 சதுர அடிக்கு 3,072 ரூபாய் சும்மா போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கூட்டிக்கொண்டு வரும் மேஸ்திரிக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும் கடைகள் உண்டு. பெட்டி எண்ணிக்கை ஊதுவது பல வீட்டில் அப்படித்தான். அதனால் கடைக்கு நீங்களே பணம் கட்டுங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் அறையின் மூலை சரியாக இருந்தால்தான். நான்கு சுவரையும் அளந்து 11-க்கு 10 என்று வந்தாலும் அறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிக்க வேண்டும். உங்கள் சின்ன பெட்ரூமில் இரண்டு குறுக்களவும் 14 அடி பத்தரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்தன, நல்ல அறை. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நான் குறுக்கே அளக்காமல் விலை கொடுத்தேன். இரண்டு குறுக்களவுக்கும் மூன்று அங்குல வித்தியாசம். ஓரத்துத் துண்டு ஒரு முனையில் ஓரடி என்றால் மறுமுனையில் பத்து அங்குலத்துக்கும் கீழே, எல்லாமே சாய்வு வெட்டு. ஒரு டைலில் இரண்டு துண்டு எடுப்பது நின்றுபோனது, கடைசியில் ஐந்து டைல் குறைந்தது. அதே கடை, அதே மாடல், ஆனால் பேட்ச் வேறு. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் அடித்தது. கட்டிலுக்கு அடியில் போட்டு மறைத்தோம். கட்டிலை நகர்த்தும்போதெல்லாம் அந்த வீட்டம்மா என்னை நினைத்திருப்பார்.

உங்கள் ஹாலில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்ததால் குறுக்கே அளக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் 21 அடி ஏழரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறுக்குமாறாக இருந்தால் ஒரு பெட்டி கூடும், 37 ஆகும். டைல் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மூட்டைகளை வராந்தாவுக்கு மாற்றி வையுங்கள், வந்து அளந்துவிடுகிறேன். பெட்டி இறங்கும்போது நான் இல்லாவிட்டாலும் எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.