பொருளில் குறையில்லை, ஆனால் "மேட் இன் சைனா" என்று பார்த்ததும் கீழே வைத்துவிடுகிறார்கள். நாட்டின் பெயரைக் கண்ணில் படாத இடத்தில் சின்னதாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இதே யோசனையை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை. நீங்கள் உற்பத்தியை அண்மையில் அங்கே மாற்றியவர், அல்லது அங்கே செய்வித்து உங்கள் பெயரில் விற்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அளவுக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்களுக்கு அதிகம் ஓடிய பொருள் 150 மி.மீ. டிஜிட்டல் கேலிப்பர், இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்தால் அளவைத் திரையில் காட்டும் கருவி. பட்டறையில் எல்லாரும் வெர்னியர் என்றுதான் சொல்வார்கள். ஜெர்மனியில் செய்து வந்ததைச் சீனாவுக்கு மாற்றினார்கள். வரைபடம், எஃகு, அனுமதிக்கப்பட்ட பிழை ±0.03 மி.மீ. எல்லாம் பழையபடியே. பின்பக்கத்தில் பொறித்திருக்கும் ஒரு வரி மட்டும்தான் மாறுகிறது என்று நினைத்தோம்.

இரண்டு மாதத்தில் திரும்பி வரும் பெட்டிகள் கூடிவிட்டன. "நகர்த்தும்போது சொரசொரப்பு", "அளவு நம்ப முடியவில்லை", "கையில் கனமே இல்லை" என்று காரணம் எழுதியிருந்தார்கள். எடை பார்த்தோம், பழையதும் புதியதும் ஒன்றுதான். திரும்பி வந்ததில் நாற்பதை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தாடைகளைத் துடைத்து மூடிப் பூஜ்யம் பார்ப்பது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தாடைகளுக்கு நடுவே கீற்று தெரிகிறதா என்று பார்ப்பது, பிறகு கேஜ் பிளாக் எனப்படும், அளவு துல்லியமாகத் தெரிந்த 10, 50, 125 மி.மீ. கட்டைகளை மும்மூன்று முறை அளப்பது. முப்பத்தொன்று வரம்புக்குள் சுத்தமாக இருந்தன.

எங்களிடம் வழக்கமாக வாங்கும் பத்து மெஷினிஸ்ட்களை அழைத்து ஒரு சோதனை வைத்தோம். எல்லாரும் லேத்திலும் மில்லிங்கிலும் கை பழுத்தவர்கள். முதல் சுற்றில் பின்பக்க வரியை டேப்பால் மறைத்துக் கொடுத்தோம். எது பழையது, எது புதியது என்று யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் டேப்புக்கு மேல் நாட்டின் பெயரை மாற்றி ஒட்டிக் கொடுத்தோம். சீனாவில் செய்ததன் மேல் ஜெர்மனி, ஜெர்மனியில் செய்ததன் மேல் சீனா. எட்டுப் பேர் ஜெர்மனி என்று ஒட்டியிருந்ததை எடுத்துத் தள்ளிப் பார்த்து, "இதுதான் வழுக்கிக்கொண்டு போகிறது" என்றார்கள். சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

அவர்களை யாரும் ஏமாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். வழுக்கும் தன்மைக்கு எண் கிடையாது. கையில் எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்க முடியாத குணம் என்றால், தெரிந்த வேறு ஏதாவது ஒன்றை வைத்து மனசு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அங்கே தெரிந்தது நாட்டின் பெயர் ஒன்றுதான். மூன்றாவது சுற்றில் அதே பத்துப் பேரும் கேஜ் பிளாக்கைத் தாங்களே அளந்து எழுதினார்கள். எண்கள் எதிரே வந்தபின் எட்டுப் பேர் இரண்டும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர், பத்து வருஷம் போனபின் என்ன கதி என்று பார்க்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம். இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்துப் பேரை வைத்துச் செய்ததெல்லாம் ஒரு சோதனையா என்று யாராவது கேட்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது எங்கள் அறையில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 1965-லேயே ராபர்ட் ஸ்கூலர் என்பவர் குவாத்தமாலாவில் மாணவர்களிடம் ஒரே துணியையும் பழச்சாற்றையும் வெவ்வேறு நாட்டு லேபிள்களோடு கொடுத்துப் பார்த்தார். பொருள் ஒன்றாக இருந்தும் லேபிளுக்கு ஏற்ப மதிப்பு மாறியது. அதற்குப் பிறகு இந்தத் துறையில் வந்த ஆய்வுகள் ஏராளம்.

சீனப் பொருளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகவும் நினைக்க வேண்டாம். மீதி ஒன்பதில் குறை இருந்தது. ஒன்றில் தாடை வளைந்திருந்தது, யாரோ கீழே போட்டிருக்க வேண்டும். எட்டில் திரையில் எண்கள் மினுக்கிக்கொண்டே இருந்தன. "சைனா சாமான் அப்படித்தான்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பேட்டரி. பழைய பெட்டியில் SR44 போட்டு அனுப்பினோம், புதியதில் LR44. இரண்டும் ஒரே அளவு, ஒரே பொத்தான் வடிவம். SR44 சில்வர் ஆக்சைடு. தீரும் தருவாய் வரை 1.55 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே தாங்கும். LR44 ஆல்கலைன். அது முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே சக்தி நிறைய மிச்சமிருக்கும்போதே வோல்ட் குறைந்துபோய், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கருவி மினுக்க ஆரம்பித்துவிடும். போதாததற்கு, இந்த வகைக் கேலிப்பர்கள் பலவற்றில் திரையை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். LR44 போடச் சொன்னது அந்தத் தொழிற்சாலை அல்ல, சில காசு மிச்சம் பிடிக்க நினைத்த எங்கள் கொள்முதல் பிரிவு.

எனக்கு உறுத்தியது வேறு. பழைய ஜெர்மன் இருப்பிலும் இடையிடையே மினுக்கல் புகார் வந்திருக்கிறது. அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். அவற்றில் "பேட்டரி தீர்ந்துவிட்டது போல, எந்த வகை போட வேண்டும்?" என்று கேட்டிருந்தார்கள். அதே மினுக்கல்தான். ஒன்றில் பேட்டரியைச் சந்தேகப்பட்டார்கள், இன்னொன்றில் ஒரு நாட்டையே சந்தேகப்பட்டார்கள். நாட்டின் பெயர் கெடுதல் செய்வது இப்படித்தான். வாங்கும்போது தயங்க வைப்பது ஒரு பங்கு என்றால், வாங்கியபின் வரும் சின்னக் கோளாறுக்கும் பெரிய காரணம் கண்டுபிடிக்க வைப்பது அதைவிடப் பெரிய பங்கு.

பேட்டரி விஷயம் தெரிவதற்கு முன்பே நாங்கள் இன்னொரு தப்பும் செய்துவிட்டோம். விற்பனை குறைகிறதே என்று விலையைக் குறைத்தோம். அளவுக் கருவியில் விலை குறைந்தால், துல்லியத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். நாட்டின் பெயரால் ஏற்பட்ட சந்தேகத்துக்கு நாங்களே விலைச்சீட்டில் சாட்சி எழுதிக் கொடுத்தது போல ஆனது. நீங்களும் விலையைக் குறைக்கும் எண்ணத்தில் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. கேலிப்பரின் தாடை முனையால் இரும்பில் கோடு கிழிக்கிறார்கள். நல்ல அனுபவசாலிகளே செய்கிறார்கள். அதற்கென்று ஸ்கிரைபர் இருக்கிறது. முனை தேய்ந்தால் கோணல் வரும், பிறகு எந்த நாட்டுக் கருவியும் சரியாகக் காட்டாது. பதினோரு ஆண்டும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சின்னதாகப் போடும் யோசனை புதிதல்ல. ஜப்பான் பொருள் என்றாலே மட்டம் என்று கருதப்பட்ட காலத்தில், "மேட் இன் ஜப்பான்" என்பதை முடிந்த அளவு சின்னதாக அச்சிட்டதாக சோனியின் அகியோ மொரிட்டா எழுதியிருக்கிறார். ஒருமுறை அது அளவுக்கு மீறிச் சின்னதாக இருக்கிறது என்று அமெரிக்கச் சுங்கத்துறை பெரிதாக்கச் சொன்னதாம். பிற்காலத்தில் அந்தப் பெயரே விற்பனைக்குத் துணையாக நின்றது, ஆனால் எழுத்தைச் சுருக்கியதால் அது நடக்கவில்லை.

ஜெர்மனியின் கதை இன்னும் பழையது. 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போன ஃபிரான்ஸ் ராய்லோ என்ற ஜெர்மானியப் பொறியாளரே தன் நாட்டுப் பொருள்கள் "மலிவு, மட்டம்" என்று எழுதினார். 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டு வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரை எழுத வைத்ததும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திகளைப் போலப் போலி செய்து வந்த ஜெர்மன் கத்திகளை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்பதற்காகத்தான். அந்தப் பெயர்தான் பின்னால் கௌரவமானது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை உங்களால் காத்திருக்க முடியாது. ஒரு நாட்டின் பெயரை ஒரு கடையோ ஒரு நிறுவனமோ தனியாகத் தூக்கி நிறுத்தவும் முடியாது. அந்த நாட்டுக்கு எந்தப் பொருளில் பேர் இருக்கிறதோ அதில்தான் பெயர் உதவும் என்பதையும் கவனியுங்கள். கடிகாரத்தின் மேல் சுவிட்சர்லாந்து என்றிருந்தால் கூட்டிக் கொடுப்பவர், டயரின் மேல் அதே பெயரைப் பார்த்தால் ஒன்றும் நினைக்க மாட்டார்.

இனி நாங்கள் செய்தது. SR44-க்குத் திரும்பினோம். விலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் கருவியின் வரிசை எண்ணைப் போட்டு, மூன்று கேஜ் பிளாக்கிலும் அது காட்டிய அளவைக் குறித்த சோதனைச் சீட்டு வைத்தோம். பொதுச் சான்றிதழ் வேண்டாம், கையில் இருக்கிற இந்தக் கருவியின் எண்கள்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாட்டின் பெயரைப் பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே விட்டோம். அடுத்த சில மாதங்களில் திரும்பி வருவது பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்தது. பேட்டரியால் எவ்வளவு, சீட்டால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டோம். ஒன்றை முதலில் செய்திருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல நாடுகளில் அது சட்டச் சிக்கல், அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது இருக்கட்டும், தேடிக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் அடுத்து அந்தச் சீட்டில் இருக்கும் எண்களை நம்புவாரா?

அந்தப் பத்தாவது மனிதர். மூன்று சுற்றும் முடிந்ததும் அவர் சொன்னார்: "தம்பி, அளவு சரியாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மூடிய அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? நான் வாங்க மாட்டேன்." அவருக்கு என் சோதனைச் சீட்டால் எந்தப் பயனும் இல்லை. தரத்தில் சந்தேகம் வேறு, மனத்தாங்கல் வேறு. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் சீனாவின் நான்ஜிங் நகர மக்களிடம் ஜப்பானியப் பொருள்களைப் பற்றிக் கேட்டார்கள். போர்க்காலக் கொடுமைகளை மறக்காதவர்கள், தரத்தைக் குறைத்துப் பேசாமலேயே வாங்க மறுத்தார்கள்.

அதனால் உங்களிடம் பொருளைக் கீழே வைத்தவர்களில் ஒரு பத்துப் பேரைப் பிடித்து, பெயரை மறைத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிறகு பெயரைக் காட்டி, ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். "உழைக்காது, ஏமாற்றும்" என்பவர்களுக்கு எண்களையும் உத்தரவாதத்தையும் கொடுக்கலாம். எங்கள் பத்தாவது மனிதரைப் போலப் பேசுபவர்களை விட்டுவிடுங்கள். அவர் அதன்பின் எங்களிடம் கேலிப்பர் வாங்கவில்லை. ஸ்கிரைபர் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார், அது இன்னும் பழைய ஊரிலேயே செய்யப்பட்டது.